வந்த வழியே திரும்புக

பென்னாகரத்தில் என் தங்கை கட்டிய புது வீட்டின் கிருகப்பிரவேசத்துக்கு மாவரைக்கும் கிரைண்டர் ஒன்றைச் சீராகக் கொடுப்பதென்று நானும் என் மனைவியும் ஏகமனதாகத் தீர்மானித்தோம். எங்கள் இல்லற சரித்திரத்தில் அபூர்வமான அந்த ஏகமனதைக் கலைய விடாமல், ஓசூரில் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனன் அன்றைக்கே ஓர் இணையக் கடையில் ஆர்டர் போட்டு, 6,490 ரூபாயைத் தன் யு.பி.ஐ. கணக்கிலிருந்து செலுத்தினான், நான் அதே தொகையை ரொக்கமாக அவன் கையில் எண்ணிக் கொடுத்தேன்.

முகூர்த்த நாள் நெருங்கிற்று, கிரைண்டர் நெருங்கவில்லை. 'பேக்கிங் நடைபெறுகிறது' என்ற வாசகம் மட்டும் கைப்பேசியில் நிரந்தரமாகக் குடியேற, அது வந்த அன்றே ரத்து செய்யும் பொத்தான் மாயமாக மறைந்திருந்தது. வேறு வழியின்றித் தர்மபுரிக் கடைவீதியில் ஒரு கிரைண்டரை வாங்கிப் பென்னாகரத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டு, பழைய ஆர்டரை ரத்து செய்யும்படி கடைக்கு எழுத உட்கார்ந்தேன்.

அடுத்த வீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விண்ணப்பம் எழுதுவதில் இந்த ஜில்லாவிலேயே தமக்கு நிகரில்லை என்ற அசைக்க முடியாத நம்பிக்கை உடையவர். "மகா கனம் பொருந்திய" என்று ஆரம்பித்து, கிடைத்தற்கரிய நெல்லிக்கனியை ஔவைக்கு ஈந்த அதியமான் ஆண்ட பூமியிலிருந்து எழுதுகிறேன் என்பதை நினைவூட்டி, நாலு பக்கத்துக்கு ஒரு நகலைத் தயாரித்துத் தந்தார். ஆர்டர் எண் அதில் எங்குமே இல்லை. அவருக்கு வந்தனம் கூறிவிட்டு, நான் அனுப்பியது இதுதான்:

"ஆர்டர் எண் இன்னது. கிரைண்டர் ஒன்று, ரூ. 6,490, யு.பி.ஐ. மூலம் செலுத்தியது. இந்த நேரம் வரை பொருள் அனுப்பப்படவில்லை, திரைப்பிடிப்பு இணைத்துள்ளேன். ஆர்டரை ரத்து செய்து, முழுத் தொகையையும் பணம் வந்த அதே கணக்குக்குத் திருப்புக. கடையின் வாலட்டில் வரவு வைக்க எனக்குச் சம்மதமில்லை. ரத்தானதை எழுத்தில் உறுதி செய்து, பணம் அனுப்பியதும் யு.டி.ஆர். எண்ணைத் தருக."

தலைமையாசிரியருக்கு இது தந்தி போல் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு காரணம் உண்டு. பொருள் கிடங்கை விட்டுப் புறப்பட்டுவிட்டால் ரத்து என்பது 'ரிட்டர்ன்' என்ற வேறு அவதாரம் எடுத்து, பெட்டி நம் ஊருக்கு வந்து திரும்பிப் போகும் வரை பணத்தையும் காத்திருக்க வைத்துவிடும். ஆகையால் அனுப்பப்படாத நிலையைத் தேதி, நேரத்தோடு பதிவு செய்ய வேண்டும். 'சம்மதமில்லை' என்ற சொல்லோ இன்னும் முக்கியம். திருப்பித் தரும் பணம் செலுத்திய வழியிலேயே போக வேண்டும், வாடிக்கையாளர் குறிப்பாகச் சம்மதித்தால்தான் வேறு வழி என்று, பணப் பட்டுவாடாவை நடத்தித் தரும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் விதித்திருக்கிறது.

நான் எதிர்பார்த்தபடியே கடையிலிருந்து தேன் ஒழுகும் பதில் வந்தது: வாலட்டில் என்றால் இந்தக் க்ஷணமே வரவு, வங்கிக்கு என்றால் சில நாள் ஆகும், தவிர ரத்துக் கட்டணமும் சிறிது உண்டு. வாலட்டில் விழுந்த பணம் அந்தக் கடையிலேயே செலவழிய வேண்டிய பணம் என்பதால் சில நாள் பொறுக்கத் தயார் என்றேன். கட்டணத்துக்கும் பதில் இருந்தது. 2020 ஜூலையில் வந்த மின் வணிக விதிகளின்படி, கடை தானாக ரத்து செய்யும்போது அதே மாதிரிக் கட்டணத்தைத் தானும் ஏற்றாலொழிய, நம்மிடம் வசூலிக்கலாகாது. குறைதீர்க்கும் அதிகாரி புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. இவற்றை விநயமாக நினைவூட்டியதும், கட்டணம் வந்த சுவடு தெரியாமல் போயிற்று.

பிறகு 'பணம் திருப்பி அனுப்பப்பட்டது' என்று செய்தி வந்தது. கடை அனுப்புவது வேறு, வங்கியில் வரவாவது வேறு. பன்னிரண்டு இலக்க யு.டி.ஆர். எண் வங்கிக் கணக்கு விவரத்தில் தென்பட்டால்தான் காரியம் முடிந்தது. தென்பட்டது. ஒரு பைசா குறையாமல், நான் வற்புறுத்தியபடியே, ரிசர்வ் வங்கி விதித்தபடியே, பணம் புறப்பட்ட அதே கணக்கில், அதாவது என் மைத்துனனுடைய கணக்கில், வந்து சேர்ந்திருந்தது.

"வந்துடுச்சு மாமா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவன் போனில் சொன்னான். கடைக்கும் எனக்கும் இடையே விதிகள் உண்டு. மாமனுக்கும் மைத்துனனுக்கும் இடையே அரசாங்கம் இன்னும் ஒன்றும் இயற்றவில்லை. எங்கள் குடும்பத்தில் குறைதீர்க்கும் அதிகாரியின் ஸ்தானத்தில் இருப்பவள் என் மனைவி. புகாரை உடனே பெற்றுக்கொண்டாள். தீர்ப்புக்கு மட்டும் கெடு எதுவும் சொல்லவில்லை. அவள் அவனுடைய அக்காள்.