தொள்ளாயிரம் சதவீதம்

“மாமா, தொள்ளாயிரம் பர்சன்ட் டிவிடெண்ட்! நீங்க இன்னும் பாங்க்ல எஃப்.டி. போட்டுட்டு உக்காந்திருக்கீங்க” என்று என் மைத்துனன் நேற்று ராத்திரி போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் சொன்னதில் பொய் கிடையாது. எரிச்சலே அதுதான். பொய் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் படுத்திருப்பேன். உண்மை என்பதால் எழுந்து உட்கார்ந்து கால்குலேட்டரைத் தேட வேண்டியதாயிற்று. “இந்த நேரத்துல என்ன கணக்கு?” என்றாள் மனைவி. “உன் தம்பிதான்” என்றேன். அதற்கப்புறம் அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கம்பெனியின் பெயர் வேண்டாம். எழுதினால் நாளைக் காலையில் நீங்களும் வாங்குவீர்கள், எனக்குத் தெரியும். பங்கின் முகமதிப்பு 2 ரூபாய். அதில் தொள்ளாயிரம் சதவீதம் என்றால் 18 ரூபாய். சந்தையில் பங்கின் விலை 1,200 ரூபாய். பதினெட்டை ஆயிரத்து இருநூறால் வகுத்தால் ஒன்றரை சதவீதம். ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கினால் வருஷத்துக்குச் சுமார் 1,500 ரூபாய், அதுவும் வரிக்கு முன்னால். இதற்குப் பெயர்தான் டிவிடெண்ட் யீல்டு. என் எஃப்.டி. இதைப் பார்த்துச் சிரிக்கும்.

முகமதிப்பில் சதவீதம் போடும் இந்தக் கூத்தைப் பற்றி நான் கொஞ்சம் பேசியே தீர வேண்டும். என் தாத்தா அந்தக் காலத்தில் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு மனை வாங்கினார் என்று வையுங்கள். இன்றைக்கு அதிலிருக்கும் வீட்டுக்கு வருஷ வாடகை இரண்டு லட்சம். “ஐயா, எங்கள் வீட்டில் வாடகை இருபதாயிரம் சதவீதம்!” என்று நான் தெருவில் நின்று கத்தினால் என்ன செய்வீர்கள்? என் மனைவியிடம் வந்து, சாரை டாக்டரிடம் காட்டச் சொல்வீர்கள். ஆனால் அந்த வீட்டை எண்பது லட்சம் கொடுத்து வாங்கப் போகிறவனிடமே நான் இதைச் சொல்கிறேன், அவனும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறான் என்றால், அதுதான் பங்குச் சந்தை. அவனுக்குக் கிடைக்கப் போவது இரண்டரை சதவீதம். என் தாத்தாவின் ஆயிரம் ரூபாய் அவனுக்கு எதற்கு?

ஒரு காலத்தில் இதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. அநேகமாக எல்லாப் பங்குக்கும் முகமதிப்பு பத்து ரூபாய் அல்லது நூறு ரூபாய். சதவீதத்தைச் சொன்னால் ரூபாய்க் கணக்கு தானாக வந்துவிடும். 1999இல் செபி, ஒரு ரூபாய்க்குக் குறையாமல் எந்த முகமதிப்பு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்றது. அன்றோடு அளவுகோல் ஒடிந்தது. அதே பதினெட்டு ரூபாய், பத்து ரூபாய் முகமதிப்புக்கு 180 சதவீதம். இரண்டு ரூபாய்க்கு 900. ஒரு ரூபாய்க்கு 1,800. பணம் ஒரு பைசா கூடவில்லை, தலைப்பு மட்டும் பத்து மடங்கு வீங்கிவிட்டது. நம் சென்னை எம்.ஆர்.எஃப். பங்கு 2023இல் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. அந்த ஆண்டு அவர்கள் கொடுத்த ஓர் இடைக்கால டிவிடெண்ட் பங்குக்கு மூன்று ரூபாய். முகமதிப்பு பத்து, ஆகவே முப்பது சதவீதம்! இறுதி டிவிடெண்ட் அதைவிடப் பெரிதாக வரும், அது வேறு விஷயம். ஆனால் லட்ச ரூபாய்ப் பங்குக்கு மூன்று ரூபாயை முப்பது சதவீதம் என்று சொல்ல ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். செபியின் 2015ஆம் ஆண்டு விதிகளே, டிவிடெண்டைப் பங்குக்கு இத்தனை ரூபாய் என்றுதான் அறிவிக்க வேண்டும் என்கின்றன. கம்பெனி ரூபாயில்தான் சொல்கிறது. அதைப் பாடுபட்டுச் சதவீதமாக மாற்றிப் பரப்பத்தான் ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. அதில் பாதிப் பேர் என் மாமனார் வீட்டு வாட்ஸாப் குழுவில் இருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.  மைத்துனனின் கம்பெனியைக் கொஞ்சம் கிளறிவிடலாம்.

நிகர லாபம் 240 கோடி. மொத்தப் பங்குகள் 6 கோடி. ஒரு பங்குக்கு லாபம் 40 ரூபாய். விலை 1,200 என்றால் பி.இ. 30, அதாவது ஒரு ரூபாய் வருஷ லாபத்துக்கு முப்பது ரூபாய் கொடுக்கிறோம். நாற்பதில் பதினெட்டைப் பங்குதாரருக்குக் கொடுத்தது, ஆகவே பே-அவுட் 45 சதவீதம். மிச்சம் 22 ரூபாய் தொழிலில் இருக்கிறது. கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பே-அவுட்டை பி.இ.யால் வகுத்தால் யீல்டு வர வேண்டும். 45ஐ 30ஆல் வகுத்தால் ஒன்றரை. வந்துவிட்டது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இது சரியாக வரும்போது ஒரு மனிதனுக்கு ஏற்படும் அற்ப சந்தோஷம் இருக்கிறதே, அதை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாது.

சந்தோஷம் நிலைக்கவில்லை. காலாண்டு முடிவுகளை வெளியிடும் அந்தப் பொடி எழுத்துப் பட்டியலில், லாபத்துக்குச் சற்று மேலே, ‘எக்ஸெப்ஷனல் ஐட்டம்ஸ்’ என்று ஒரு வரி. அதற்கு ஒரு குறிப்பு எண். அந்தக் குறிப்பு நாலு பக்கம் தள்ளி, ஊறுகாய் பாட்டிலில் காலாவதி தேதி போடுகிற அதே அளவு எழுத்தில். பழைய ஆலை இருந்த நிலத்தை விற்றிருக்கிறார்கள். வரி போக 120 கோடி வந்திருக்கிறது. நிலத்தை ஒரு தடவைதான் விற்க முடியும். அடுத்த வருஷமும் அதையே விற்றால் ஆளை உள்ளே போடுவார்கள்.

அதைக் கழித்தால் தொழிலில் வந்த லாபம் 120 கோடி. பங்குக்கு 20 ரூபாய். பி.இ. முப்பது இல்லை, அறுபது. பே-அவுட் நாற்பத்தைந்து இல்லை, தொண்ணூறு. இருபது ரூபாய் சம்பாதித்துப் பதினெட்டைக் கொடுத்திருக்கிறார்கள். தொண்ணூறை அறுபதால் வகுத்துப் பாருங்கள்: அதே ஒன்றரை! யீல்டுக்கு எதுவுமே தெரியவில்லை. தெரியாது. அந்தக் கணக்கில் லாபம் என்பதே கிடையாது. டிவிடெண்டும் விலையும் மட்டும்தான். வீட்டில் என்ன நடந்தாலும் பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கும் ஆசாமி அது.

இனிமேல் நடப்பதைச் சொல்கிறேன். நிலம் விற்ற காசு கரைந்ததும் லாபம் பாதியாகத் தெரியும். விலையும் இறங்கும். 600 ரூபாய்க்கு வந்தால், போன வருஷத்துப் பதினெட்டு ரூபாயை வைத்து யீல்டு மூன்று சதவீதம் என்று காட்டும். விலை விழ விழ யீல்டு ஏறும். உடனே ‘அள்ளிக் கொடுக்கும் பங்குகள்’ என்று இணையத்தில் ஒரு பட்டியல் போட்டு இந்தக் கம்பெனியை மேலே தூக்கி வைப்பார்கள். இந்த வருஷம் பதினெட்டு ரூபாய் வருமா என்று எவரும் கேட்பதில்லை. அந்தப் பட்டியலில் யீல்டுக்குப் பக்கத்துக் கட்டத்தில், ஒருமுறை வரவைக் கழித்த பே-அவுட்டையும் போட்டால் என்ன குறைந்துவிடும்? இடம் போதாது என்றால் கீழே இருக்கும் ராசிபலனை எடுத்துவிடுங்கள். அதையாவது நம்பி எவனும் நகையை அடகு வைப்பதில்லை.