வருஷாந்தரக் கடிதம்

சௌபாக்கியவதிக்கு அநேக ஆசீர்வாதம். உபயகுசலோபரி.

இங்கு யாவரும் க்ஷேமம். ‘யாவரும்’ என்பது, நீ உன் அக்காளின் சீமந்தத்துக்காகக் கும்பகோணம் போய்விட்ட தற்சமயத்தில், நான் ஒருவனே ஆகையால், பன்மையை உத்தேசித்து வாசற்படியில் படுத்திருக்கும் பூனையையும் சேர்த்துக்கொள்ளவும்.

நமக்கு விவாகமாகி இந்தப் பங்குனியோடு ஒரு வருஷம் பூர்த்தியாகிறது. மார்ச் 31ஆம் தேதி வந்தால் கணக்கை முடித்துத்தான் தீரவேண்டும் என்ற ஆபீஸ் பழக்கம் என்னை விடாததால், நீ அறியாதபடி நான் கவனித்து வந்தவற்றில் சிலவற்றை வரவுப் பக்கத்தில் எழுதிவைக்கிறேன்.

முதல் வரவு, தயிர். காய்ச்சின பாலை ஆறவிட்டு, சுண்டுவிரல் நுனியை அதில் வைத்து, சுடவுமில்லை, ஆறிப்போகவுமில்லை என்ற அந்த இடைநிலை வரும் வரையில், நாடி பார்க்கும் வைத்தியரைப் போல் நீ மௌனமாய் நிற்பதைக் கூடத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மார்கழியில் ஒரு கரண்டி மோரை உறையாக ஊற்றி, பாத்திரத்தைப் பழந்துணியால் சுற்றி, அணைந்த அடுப்பின் ஓரத்தில் வைத்தாய். வெயில் ஏற ஏற அந்தக் கரண்டி சில சொட்டுகளாகக் குறைந்து, உறை ஊற்றும் நேரமும் படுக்கப்போகும் நேரத்துக்குத் தள்ளிப்போயிற்று. பாலில் சூடு மிஞ்சினால் தயிர் திரிந்து நீர் விடும், சூடு போதாவிட்டால் விடிந்த பிறகும் அது பாலாகவே இருக்கும், உறை அதிகமானால் நான் ஆபீஸுக்குக் கட்டிக்கொண்டு போகும் தயிர்சாதம் மத்தியானத்துக்குள் புளித்துப்போகும் என்ற சங்கதிகளையெல்லாம் நீ எனக்கு உபதேசித்ததில்லை. ஒரு நாளும் அப்படி நேராமல் பார்த்துக்கொண்டாய், அவ்வளவுதான். இப்பொழுது நான் ஹோட்டலில் வாங்கும் தயிரோ, கரண்டியால் எடுத்தால் நூலாக நீண்டு, இலை வரையில் என்னைப் பிரிய மனமில்லாமல் தொடர்ந்து வருகிறது.

இரண்டாவது, வளையல். என் பெயரைச் சொல்லலாகாது என்ற சம்பிரதாயத்தை நீ மீறியதில்லை. ஒரு குலுக்கல் என்றால் காபி. இரண்டு என்றால் வாசலில் பால்காரன். நீண்ட குலுக்கல் என்றால், வந்திருப்பவர் என் சிற்றப்பா, கொல்லைப்புறம் திறந்திருக்கிறது என்று பொருள். தந்தி ஆபீஸில்கூட இத்தனை சுருக்கமும் தெளிவும் கிடையாது.

கடலை மடித்து வந்த காகிதத்தைப் பிரித்துப் படிக்காமல் நீ எறிவதில்லை என்பதையும், அதன் பயனாக, ஆரம்பமும் முடிவும் இல்லாத தொடர்கதைகள் ஏராளமாக உன் வசம் இருக்கின்றன என்பதையும் போகிற போக்கில் குறித்துக்கொள்கிறேன்.

கடைசி வரவு ஒன்று. விருந்தினர் வரும்போதெல்லாம் ரெயிலில் குடையைத் தொலைத்த சாஸ்திரிகளின் கதையை நான் சொல்லுகிறேன். நீயும் ஒவ்வொரு தடவையும் மனப்பூர்வமாகச் சிரிக்கிறாய். ஆனால் அந்தச் சிரிப்பு தடவைக்குத் தடவை சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது. கதை முடிந்துவிட்டதாக்கும் என்று எண்ணி விருந்தினரும் மரியாதைக்காகச் சிரித்து, செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவதால், தீபாவளிக்குப் பிறகு இந்த வீட்டில் சாஸ்திரிகளுக்குக் குடை கிடைக்கவேயில்லை.