முதுகு பார்ப்பவர்

கொட்டாஞ்சேனையில் நாலு பேர் நிற்கிற இடத்தில் "வாசிக்கப் புதுசா ஏதும் இருக்கோ?" என்று வாய்தவறிக் கேட்டுவிடக்கூடாது. ஜம்பட்டா வீதித் தேத்தண்ணிக் கடையின் மூலையிலிருந்து ஒரு குரல் எழும்பும்.

"உம்மடை அலுமாரியை ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பிலை போடும் பாப்பம்."

எந்த எழுத்தாளர் பிடிக்கும், என்ன மாதிரிக் கதை பிடிக்கும் என்றெல்லாம் அவர் கேட்கமாட்டார். நாமாகச் சொன்னாலும் கையை உயர்த்தித் தடுத்துவிடுவார். "ஆக்கள் தங்களுக்குப் பிடிச்சதைச் சொல்லமாட்டினம். பிடிச்சிருக்க வேணுமெண்டு நினைக்கிறதைத்தான் சொல்லுவினம். முதுகு அப்பிடிச் சொல்லாது." முதுகு என்றால் புத்தகத்தின் முதுகு. பிடரி, தோள் ஒன்றும் பார்ப்பதில்லை. அந்தளவில் நல்ல மனிதர்.

படம் எடுப்பதற்கும் சட்டம் உண்டு. கண்ணாடிக் கதவைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எடுப்பவரின் வயிறுதான் படத்தில் விழும். பிளாஷ் போடக்கூடாது, வழுவழுப்பான அட்டையில் வெளிச்சம் பட்டுத் தலைப்பு அழிந்துபோகும். ஒரு தட்டுக்கு ஒரு படம். இவ்வளவும் சரியாகச் செய்து அனுப்பினால் ஆள் பிளேன்ரீயை ஆறவிட்டு இரண்டு விரலால் படத்தை விரிக்கத் தொடங்குவார். விரிப்பார், நகர்த்துவார், சுருக்குவார், திரும்பவும் விரிப்பார். கிளினிக்கில் எக்ஸ்ரேயைப் பார்க்கிற டொக்டர்கூட இவ்வளவு நேரம் எடுப்பதில்லை. நடுவில் "ம்" என்பார். அந்த "ம்" ஒவ்வொன்றுக்கும் நமக்கு வியர்க்கும்.

என் அக்காவின் மகள், பத்தொன்பது வயது, போன தவணை லீவில் மாட்டினாள். படத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம், ஏழெட்டு ரமணிசந்திரன், பள்ளிக்கூடப் பரிசாக வந்த திருக்குறள் ஒன்று, இரண்டு இங்கிலிஷ் புத்தகம். நான் முந்திக்கொண்டேன். கல்கி வாசிக்கிற பிள்ளைக்கு அடுத்தது 'சிவகாமியின் சபதம்' என்று யாரும் சொல்வார்களே.

"விசர்க்கதை கதையாதையும். மூண்டாம் பாகத்தின்ரை முதுகைப் பாரும்."

பார்த்தேன். பசை போட்டு ஒட்டிய புத்தகத்தை அகல விரித்து வாசித்தால் முதுகில் நெடுக்காக வெள்ளை வெள்ளையாய்க் கோடு விழும். முதல் பாகத்தில் நாலைந்து கோடு. இரண்டாம் பாகத்தில் ஒன்று. மூன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை அச்சகத்திலிருந்து வந்த மேனிக்கு மினுங்கிக்கொண்டிருந்தன. "இது ஆரோ பிறந்தநாளுக்குக் குடுத்த செட். பிள்ளை இரண்டாம் பாகத்திலை களைச்சுப்போச்சு. களைச்ச பிள்ளைக்கு இன்னும் நாலு பாகம் குடுக்கிறது கொலை."

பிறகு ரமணிசந்திரனை விரித்தார். முதுகு முழுக்க நார்நாராய்க் கிழிந்து, ஒன்றுக்குச் செலோடேப்பும் ஒட்டியிருந்தது. ஆகப் பிள்ளைக்கு வேண்டியது இரண்டு பேர் கதைப்பது, ஒரு வீடு, ஒரு மனத்தாங்கல், நூற்றைம்பது இருநூறு பக்கத்துக்குள் முடிவு. இதைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே தேவையில்லை என்று நினைத்து, அசோகமித்திரனின் 'தண்ணீர்' சின்னப் புத்தகம்தானே, அதைக் கொடுப்போமா என்றேன். எங்கள் மாடிவீட்டுத் தொடரில் தண்ணி மோட்டர் நின்ற நாட்களை நினைத்துச் சொன்னேன்.

அன்றைக்கு அவர் சொன்னதை இன்றுவரை எனக்கு மறுக்கத் தெரியவில்லை. "வசனம் லேசு எண்டபடியால் புத்தகம் லேசு எண்டு நினைக்கப்படாது. அந்தாள் சொல்லாமல் விடுறதைப் பிடிக்கத் தெரிஞ்சால்தான் அது கதை. இல்லாட்டி, ஒண்டும் நடக்கேல்லை மாமா எண்டு திருப்பித் தந்திடும். அதுக்கு இன்னும் மூண்டு புத்தகம் இருக்கு." நிறையப் பேர் மாட்டுகிற இடம் இது. பக்கக் கணக்கும் எழுத்தின் எளிமையும் மட்டத்தைச் சொல்லிவிடும் என்று நம்புகிறோம்.

வழக்குப் பேச்சையும் அப்படித்தான் பார்ப்பார். பக்கத்தைத் திறந்து தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு, ஐந்து விரலும் மடங்கினால் புத்தகத்தை வை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பழைய கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கணக்கில் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' சென்னைப் பிள்ளையிடம் முதல் பக்கத்திலேயே தோற்கும். நெடுந்தீவுக் கடற்கரை, வாடி, சம்மாட்டி, வலை. ஆனால் இந்தப் பிள்ளை அம்மம்மாவின் வாயில் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தது. எழுத்தில் கண்டதில்லை, காதுக்குப் பழக்கம். தி. ஜானகிராமனின் தஞ்சாவூர்ப் பேச்சுத்தான் அவளுக்கு விரலை மடக்க வைக்கும். கடைசியில் தீர்ப்பும் 'வாடைக்காற்று'தான்: காதல் இருக்கு, மெல்லிசு, 1978இல் படமாகவும் வந்தது, அம்மம்மாவுக்குக் கதை தெரிந்திருக்கும், விளங்காததைக் கேட்க வீட்டிலேயே ஆள். பிள்ளை மூன்று நாளில் முடித்துவிட்டு, இந்த ஆள் வேறு என்ன எழுதினவர் என்று கேட்டாள். அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தார், 'ஆச்சி பயணம் போகிறாள்'. சிரிக்கவேண்டிய முறையாம்.

எப்போதும் இப்படி அடிக்கமாட்டார். என் அலுமாரியை விரித்து, சாண்டில்யனின் 'கடல் புறா' உருக்குலைந்து கிடந்ததைப் பார்த்து, "வெளியிலை சொல்லாத வீரன் நீர்" என்று ஒரு மாதம் சரித்திரக் கதையாகவே அனுப்பினார். அது மருதானையில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அந்தக் கோடுகளெல்லாம் எனக்கு முன்னம் வைத்திருந்த யாரோ புண்ணியவானுடையவை. பவுண்டன் பேனா மாதிரிப் புத்தகத்தைப் பதமாகப் பிடித்து வாசிக்கிறவர்களுடைய முதுகில் கோடே விழாது, அவர்களையும் வாசிக்காதவர் கணக்கில்தான் போடுவார்.

அதைவிடப் பெரிய ஓட்டை, முதுகில்லாத புத்தகங்கள். நடுவில் கம்பி அடித்த மெல்லிய கவிதைத் தொகுப்பு, மாத சஞ்சிகை எல்லாம் படத்தில் ஒரு சாம்பல் கோடாகத்தான் விழும். 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய டொமினிக் ஜீவாவின் 'மல்லிகை' பிறகு கொழும்புக்கு வந்து இங்கே ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்துதான் வெளியானது. எங்கள் பக்கத்துப் பழைய வாசகர்களின் ருசி முழுக்க அந்தச் சாம்பல் கோட்டுக்குள் கிடக்கிறது. ஒரு பாட்டா முப்பது வருச மல்லிகையைக் கட்டிவைத்திருந்தார். இவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு "ஐயாவுக்கு வாசிப்புக் குறைவு, லேசாத் தொடங்குவம்" என்று சிறுவர் கதை சொன்னார். பாட்டா கெட்ட வார்த்தை பேசுவார் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

எனக்கு உண்மையான எரிச்சல் வேறு. இவர் சொல்கிற புத்தகம் கடையில் இருக்காது. செட்டியார் தெருவிலும் கேட்டாயிற்று, வெள்ளவத்தையிலும் கேட்டாயிற்று, "முடிஞ்சுது, திரும்ப அடிக்கேல்லை." இங்கே ஒரு புத்தகம் சில நூறு பிரதிதான் அடிப்பார்கள், அது தெரியாதவரல்ல இவர். நூலகம் தளத்தில் ஸ்கேன் பண்ணியது கிடைத்தால் கிடைக்கும். இல்லையென்றால் ஆசையைக் கிளப்பிவிட்டுப் போன மனிதரைத் தேடிப் போகவேண்டும். வாடைக்காற்றையும் பிள்ளை போனில் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் வாசித்தாள். இவரிடம் எல்லாம் இருக்கிறது. கேட்டால், "எங்கடை வீட்டுப் புத்தகம் படலை தாண்டுறேல்லை" என்பார். மூன்றாவது மாடியில் படலை எங்கே இருக்கிறது?

போன கிழமை எனக்கும் ஒரு புத்தி வந்தது. "அண்ணை, உங்கடை அலுமாரியை ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, உங்களுக்கு நான் ஒண்டு சொல்லுறன்" என்று எழுதினேன். இரண்டு நாள் நீலச்சரி விழுந்தபடி பதிலில்லை. மூன்றாம் நாள் வந்தது. பிளாஷ் இல்லை, கதவு திறந்திருந்தது, ஒரு தட்டுக்கு ஒரு படம், ஆறு படம்.

இரண்டு விரலால் விரித்தேன். ஆறு தட்டிலும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பள்ளிக்கூடக் கொப்பி மாதிரி மண்ணிறத் தாளில் உறை போட்டிருந்தது. ஒரு முதுகிலும் ஒரு எழுத்தில்லை.