மருந்தல்ல, ஆனாலும் சாப்பிடு

அந்த டப்பாவின் பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி இருந்தால் படிக்கலாம் என்கிற அளவில் ஒரு வரி இருக்கிறது: ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’. எழுதிக்கொடுத்தவர் டாக்டர். விற்றது மருந்துக் கடை. வாங்கியவள், மூன்று மாதமாகத் தலைக்கு ஊற்றிக்கொள்ளாத ஒரு பெண். மருந்தல்லாத ஒன்றை மருந்துச் சீட்டில் எழுதி, மருந்துக் கடையில் விற்று, நோய்க்கென்றே தின்ன வைக்கிற இந்தச் சாமர்த்தியத்துக்கு ஏதாவது விருது கொடுத்தால் தேவலை.

பெயர் இனோசிட்டால். பழச்சுவையில் பவுடராகவும் வருகிறது, மாத்திரையாகவும் வருகிறது. சட்டப்படி இது ஊட்டச்சத்து உணவு. 2016 விதிகளின்படி அந்த வரியைப் போட்டே ஆகவேண்டும். போட்டுவிட்டார்கள், கடமை முடிந்தது. உணவு என்பதால் மருந்து விலைக் கட்டுப்பாடும் கிடையாது.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகி மூன்று வருடம். விலக்கு எழுபது நாளைக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும். ஸ்கேனில் ‘நீர்க்கட்டி’ என்கிறார்கள். மாமியார் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா என்று கேட்கிறார். எடுப்பதற்கு அங்கே கட்டி எதுவும் இல்லை. பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப் பைகள்தான் அப்படி வரிசைகட்டித் தெரிகின்றன.

ஏன் நின்றன? இவள் உடம்பு இன்சுலின் சொல்பேச்சை லேசில் கேட்பதில்லை. அதனால் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. தசைதான் அதற்குக் காது கொடுக்க மறுக்கிறது, சினைப்பை நன்றாகவே கேட்கிறது. மூளையடியிலிருந்து வரும் எல்.எச். ஹார்மோனோடு சேர்ந்து, முட்டையைச் சுற்றியுள்ள செல்களை ஆண் ஹார்மோன் தயாரிக்கச் சொல்லி இன்சுலின் விரட்டுகிறது. அந்த ஹார்மோனைப் பிடித்துவைக்க ஈரல் அனுப்பும் புரதத்தையும் அதே இன்சுலின் குறைத்துவிடுகிறது. அந்தச் சூழலில் ஐந்தாறு மில்லிமீட்டர் வளர்ந்த முட்டைப் பைகள் அங்கேயே நிற்கின்றன. ஒன்று மட்டும் முந்தி வளர்ந்து வெடித்தால்தான் முட்டை வரும். இங்கே எதுவும் முந்துவதில்லை.

மெட்பார்மின் இந்த இன்சுலினைத்தான் தணிக்கிறது. ஈரல் கொட்டும் சர்க்கரையைக் குறைக்கிறது, கணையத்தின் வேலை இறங்குகிறது, சினைப்பைக்குப் போகும் விரட்டலும் தளர்கிறது. சில பேருக்கு முட்டை மறுபடி வெடிக்கத் தொடங்கும். ஆனால் இன்று போட்டு நாளைக்கு அல்ல, மூன்று நான்கு மாதம் ஆகும். விலையோ மாத்திரைக்குச் சில ரூபாய். இவளுடைய அம்மாவின் சர்க்கரைக்கு அதே மாத்திரையை, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலிலேயே தருகிறது. அம்மாவுக்கு வாசலில் வரும் மாத்திரை மகளுக்கு முதல் சீட்டில் வரவில்லை, பவுடர் வந்தது. பாக்கெட் முப்பது ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். தினம் இரண்டு என்றால் மாதம் ஆயிரத்து எண்ணூறு.

மெட்பார்மினையும் தலையில் தூக்கி வைத்து ஆடத் தேவையில்லை. 2007-இல் அமெரிக்காவில் 626 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஆறு மாதம் மெட்பார்மின் மட்டும் சாப்பிட்டவர்களில் குழந்தை பெற்றவர்கள் நூற்றுக்கு ஏழு பேர். முட்டையைத் தூண்டும் குளோமிபீன் சாப்பிட்டவர்களில் இருபத்திரண்டு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் இருபத்தேழு பக்கம். மெட்பார்மின் முட்டையைத் தூண்டுவதில்லை, தடையைக் கொஞ்சம் விலக்குகிறது, அவ்வளவுதான்.

வயிற்றையும் கலக்கும். 500 மில்லிகிராமில் தொடங்கி, சாப்பாட்டோடு, வாரக்கணக்கில் மெதுவாக 1500, தாங்கினால் 2000 என்று ஏற்றவேண்டும். மெல்லக் கரையும் வகை இன்னும் சாதுவானது. எடுத்த எடுப்பில் முழு அளவை எழுதினால் இரண்டாம் நாளே வயிற்றுப்போக்கு. லைனில் உட்கார்ந்து டார்கெட் தைப்பவள் பாத்ரூமுக்கு நாலுமுறை எழுந்தால் சூப்பர்வைசர் என்ன பார்வை பார்ப்பார் என்று சீட்டு எழுதியவருக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார். அவள் மாத்திரையை நிறுத்துவாள். “எனக்கு ஒத்துக்கலை சார்” என்பாள். உடனே பவுடர், “இது ஒண்ணும் பண்ணாதும்மா” என்ற சிபாரிசோடு. ஒன்றும் பண்ணாது என்பதைப் பல நேரம் அட்சரசுத்தமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பவுடரின் புகழ் எங்கே தொடங்கியது தெரியுமா? 1999-இல் 44 பெண்கள். டி-கைரோ வகை இனோசிட்டால் சாப்பிட்ட 22 பேரில் 19 பேருக்கு முட்டை வந்தது, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 6 பேருக்கு. அசத்தல்தான். அடுத்து நடந்த பெரிய ஆய்வில் அந்த அசத்தல் காணாமல் போனது. வியாபாரம் அசரவில்லை. மயோ வகைக்குத் தாவி, இரண்டையும் நாற்பதுக்கு ஒன்று என்று கலந்து, அந்த விகிதத்தை மந்திரமாக்கிவிட்டது. அது ரத்தத்தில் இருக்கும் விகிதம். முட்டைப் பைக்குள் மயோவின் பங்கு அதைவிட அதிகம்.

தத்துவம் பொய்யில்லை. செல்லுக்குள் இன்சுலினின் சேதியையும், முட்டையை வளர்க்கும் எப்.எஸ்.எச். ஹார்மோனின் சேதியையும் கடத்துவதில் இனோசிட்டாலுக்குப் பங்கு உண்டு. ஆனால் தத்துவம் வேறு, பிள்ளை பிறப்பது வேறு. 2018-இல் காக்ரேன் அமைப்பு ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, மிகத் தரம் குறைந்த சான்றுதான், குழந்தைப் பேறு கூடுமா என்று சொல்ல முடியாது என்றது. 2023-இன் சர்வதேச வழிகாட்டுதல், தீங்கு குறைவு, பலனும் குறைவு, வேண்டுமானால் யோசிக்கலாம் என்று நகர்ந்துகொண்டது. அந்த ‘வேண்டுமானால்’ நம்மூருக்கு வந்து சேர்வதற்குள் ‘கண்டிப்பாக’ ஆகிவிடுகிறது.

அளவையாவது ஒழுங்காகக் கொடுக்கிறார்களா? ஆய்வுகளில் பெரும்பாலும் நாளொன்றுக்கு மயோ 4 கிராம். மாத்திரையில் 550 மில்லிகிராம் இருந்து, காலை ஒன்று மாலை ஒன்று என்றால் வருவது 1.1 கிராம், கால்வாசிக்குச் சற்று மேல். மிச்சம் முக்கால்வாசி நம்பிக்கை.

இனி சோதனைக் கூடம். ‘இருபத்தோராம் நாள் புரோஜெஸ்டிரோன்’ என்று எழுதுகிறார்கள். இருபத்தெட்டு நாள் சுற்றுக்காரிக்கு அது சரி. எழுபது நாள் சுற்றுக்காரிக்கு இருபத்தோராம் நாளில் ஊசி குத்தினால் ‘முட்டை வரவில்லை’ என்றுதான் வரும், வந்தாகவும் வேண்டும். விலக்குக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு பார்க்கவேண்டும். அது எப்போது என்று தெரியாவிட்டால் வாரம் ஒருமுறை பார்த்து வரவேண்டும். ரத்தம் போனதாலேயே முட்டை வந்தது என்றும் ஆகாது. முட்டை வராமலே உள்சுவர் தடித்துச் சரிவதும் உண்டு. பவுடர் குடித்த மாதம் ரத்தம் வந்ததும் ‘வேலை செய்யுது பார்’ என்று அடுத்த டப்பாவை வாங்குவது இப்படித்தான்.

குழந்தைக்காக முட்டையைத் தூண்ட இன்று முதல் தேர்வு லெட்ரோசோல். பழைய மாத்திரை, விலையும் அதிகமில்லை. நம் மத்திய அரசு 2011-இல் குழந்தையின்மைக்கு அதைத் தரக்கூடாது என்று தடை போட்டது. 2014-இல் அமெரிக்க ஆய்வொன்று, குளோமிபீனில் நூற்றுக்குப் பத்தொன்பது பேருக்குக் குழந்தை, லெட்ரோசோலில் இருபத்தேழு பேருக்கு என்று காட்டியது. தடை 2017 வரை நீடித்தது. பலன் தெரிந்த மருந்துக்கு ஆறு வருடம் பூட்டு; பலன் தெரியாத பவுடருக்கு ஒரு நாள்கூட இல்லை. உணவாயிற்றே, யார் கேட்பது?

அவளுக்கும் ஒருநாள் லெட்ரோசோல் எழுதப்பட்டது, எழுபது நாள் சுற்றும் கலைந்தது. சீட்டில் முதல் வரி லெட்ரோசோல், இரண்டாவது ஃபோலிக் அமிலம். மூன்றாவது வரியில் பவுடர், மூன்று மாதத்துக்கு.