மேற்கோள் முடியுமிடம்: ஓர் எல்லைத் தகராறு பற்றிய ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

இலக்கிய ஆய்வேடுகளில் பாதிப் பக்கம் பிறர் எழுதியதாகவும், மீதிப் பக்கம் அதை ஆய்வாளர் ஆமோதிப்பதாகவும் இருப்பது மரபு. அம்மரபைக் கேள்வி கேட்கும் துணிவு இக்கட்டுரைக்கு இல்லை. பிறர் நிலம் எங்கே முடிகிறது, ஆய்வாளர் நிலம் எங்கே தொடங்குகிறது என்பதைத் தாளில் காட்டுவது எப்படி என்று மட்டுமே ஆராய்கிறது. இதற்கென மூன்று எல்லைக்கற்கள் உள்ளன: தனிப்பத்தியின் உள்தள்ளல், முப்புள்ளி, அடிக்குறிப்பின் எண். மூன்றையும் பற்றிய தகராறுகள் பெரும்பாலும் மேற்கோளின் வால்பகுதியிலேயே எழுகின்றன என்பதும், தமிழ் வாக்கியத்தின் உயிர் வாலில் இருப்பதே அதற்குக் காரணம் என்பதும் இவ்வாய்வின் கருதுகோள்.

2. முன்னாய்வு

எட்வர்ட் கிப்பன் உரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றிய வரலாற்றின் முதல் தொகுதியை 1776இல் வெளியிட்டபோது, குறிப்புகளெல்லாம் நூலின் இறுதியில் இருந்தன. டேவிட் ஹியூம் அதைப் படித்தார். ஒவ்வொரு குறிப்புக்கும் கடைசிப் பக்கம்வரை போய்வர வேண்டியிருப்பதாகப் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதிக் குறைபட்டார். பின்னர் வந்த பதிப்பில் குறிப்புகள் பக்கத்தின் அடிக்கு இறங்கின. அடிக்குறிப்பு அடியில்தான் இருக்க வேண்டும் என்ற அரிய உண்மையை நிறுவ ஒரு வரலாற்றாசிரியரும் ஒரு தத்துவஞானியும் தேவைப்பட்டனர்.

3. எவ்வளவு நீண்டால் தனிப்பத்தி?

சிகாகோ நடைக்கையேடு ஏறத்தாழ 100 சொல்லுக்கு மேற்பட்ட மேற்கோளைத் தனிப்பத்தியாக்கச் சொல்கிறது. ஏபிஏ 40 சொல்லிலேயே பிரித்துவிடுகிறது. எம்எல்ஏ சொல்லை எண்ணாமல் வரியை எண்ணும்: உரைநடையானால் நான்கு வரிக்கு மேல், செய்யுளானால் மூன்று வரிக்கு மேல்.

தமிழில் சொல்லை எண்ணுவது தத்துவச் சிக்கல். ‘செய்து கொண்டு இருக்கிறார்’ என்று பிரித்தால் மூன்று. சேர்த்து எழுதினால் ஒன்று. ஆகவே 101 சொல் கொண்ட மேற்கோளை, ஒரு சொல்லையும் நீக்காமல், இடைவெளி விசையைத் தொடாமல் இருப்பதன்மூலமே 97 ஆக்கலாம். வரிக் கணக்கே இங்கு நம்பத்தக்கது. செய்யுளுக்கோ எம்எல்ஏ விதியும் பொருந்துவதில்லை. அதன்படி ஈரடிக் குறள் பத்திக்குள்ளேயே சாய்கோடு போட்டு ஓட வேண்டும். நம்மவர் குறளைத் தனியாக நிறுத்தியே பழகியவர்கள். எந்த விதியை எடுத்தாலும் ஆய்வேடு முழுவதும் ஒரே விதி என்பதே தீர்வு.

தனிப்பத்தி ஆக்கியபின் மேற்கோள்குறி கூடாது. அரை அங்குல உள்தள்ளலே ‘இது பிறர் சொல்’ என்று அறிவித்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் போடுபவர், மூலத்திலேயே யாரோ பேசுகிறார் என்று வாசகரை நம்பவைக்கிறார்.

4. அநாதை ‘என்று’

ஆங்கிலத்தில் ‘அவர் கூறுகிறார்’ என்பது முன்னே நின்று வாசல் திறக்கும். தமிழிலோ மேற்கோள் முடிந்தபின் ‘என்று கூறுகிறார்’ வந்து கதவைச் சாத்த வேண்டும். பன்னிரண்டு வரித் தனிப்பத்திக்குப் பின் அந்த ‘என்று’ இடதோரத்தில் தனியே நிற்கிறது. கணினியில் அடுத்த வரிக்குப் போக என்டர் தட்டியதும் அதைப் புதுப்பத்தி என்று எண்ணி மென்பொருள் உள்ளே தள்ளுகிறது. சில வேளை அது பக்கம் தாண்டி, அடுத்த பக்கத்தின் முதல் வரியாக ‘என்று கூறுகிறார்.’ என்று யாரைப் பற்றியோ சாட்சி சொல்கிறது. அதற்குள் எழுவாயை வாசகர் மறந்திருப்பார்.

மருத்துவம் எளிது. வினையை முன்னே கொண்டுவந்து, ‘இது குறித்து அவர் பின்வருமாறு எழுதுகிறார்:’ என்று வாக்கியத்தை முடித்துவிட வேண்டும். தனிப்பத்தி தன் முற்றுப்புள்ளியோடு தானே முடியும். அடுத்து ஆய்வாளர் அதே பத்தியைத் தொடர்வதாயின், அவருடைய முதல் வரிக்கு உள்தள்ளல் கூடாது.

5. முப்புள்ளியின் ஒழுக்கவியல்

சோதனைக்காகத் தயாரித்த மாதிரி வாக்கியம் ஒன்று:

‘இக்காப்பியத்தில் இயற்கை வருணனையும் உரையாடல் அமைப்பும் பாத்திரப் படைப்பும் சிறந்து விளங்குகின்றன என்று சொல்வதற்கில்லை.’

முதல் வெட்டு நடுவில்: ‘இக்காப்பியத்தில் [...] பாத்திரப் படைப்பும் சிறந்து விளங்குகின்றன என்று சொல்வதற்கில்லை.’ பொருள் பிழைத்தது. ஆனால் ‘படைப்பும்’ என்பதன் உம்மை துணையிழந்து, பன்மை வினையோடு தவிக்கிறது. உரையாடல் அமைப்பை மட்டும் எடுத்திருந்தால் இரண்டு உம்மைகளாவது கைகோத்திருக்கும்.

இரண்டாவது வெட்டு வாலில்: ‘இக்காப்பியத்தில் இயற்கை வருணனையும் உரையாடல் அமைப்பும் பாத்திரப் படைப்பும் சிறந்து விளங்குகின்றன....’ விமர்சகர் அணிந்துரைகாரர் ஆகிவிட்டார்.

இங்கே சிகாகோ விதியைக் கவனிக்க வேண்டும். வாக்கிய இறுதியை வெட்டினால் எஞ்சியது இலக்கணப்படி முழு வாக்கியமாக இருக்க வேண்டும். அப்போது முற்றுப்புள்ளியும் சேர்த்து நான்கு புள்ளி. நம் இரண்டாவது வெட்டு இதற்கு முற்றிலும் கீழ்ப்படிகிறது. புள்ளி நான்கு, வாக்கியம் முழுமை, பொருள் நேரெதிர். ஆங்கிலத்தில் மறுப்பு பெரும்பாலும் முன்னாலேயே வந்துவிடுவதால் வால் போனாலும் தலை காட்டிக்கொடுக்கும். தமிழில் ‘இல்லை’யும் ‘அல்ல’வும் ‘என்பர் சிலர்’ என்பதும் கடைசி இருக்கையில் அமர்பவை. எனவே தமிழ் மேற்கோளின் வாலை வெட்டுபவர் முதலில் வினைமுற்றுவரை படித்துவிட வேண்டும் என்பது இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு.

சதுர அடைப்பு எதற்கு? தமிழ் உரைநடையாசிரியர் பலர் பெருமூச்சுக்கும் தயக்கத்துக்கும் புள்ளிகளைத் தாராளமாகத் தூவுபவர்கள். அவர்களுடைய பெருமூச்சையும் நம் கத்திரியையும் பிரித்துக்காட்ட, நாம் வெட்டிய இடத்தை மட்டும் அடைப்புக்குள் இடுவது நல்லது. மேற்கோளின் தொடக்கத்தில் பொதுவாகப் புள்ளி வேண்டாம். முன்னால் ஏதோ இருந்திருக்கும் என்பது வாசகருக்குத் தெரியும்.

6. எண் நிற்குமிடம்

சிகாகோ முறையில் குறிப்பெண் நிறுத்தக்குறிக்குப் பின்னே வரும். நீண்ட கோட்டுக்கு மட்டும் முன்னே. பிரெஞ்சுக்காரர் நிறுத்தக்குறிக்கு முன்னேயே இடுவர். தனிப்பத்தியில் சிக்கலில்லை: இறுதி முற்றுப்புள்ளிக்குப் பின் எண். மூலநூலின் சொந்தக் குறிப்பெண்களை நீக்கிவிடலாம். இல்லையேல் மூலநூலாசிரியருடைய 43 நம்முடைய 7க்குப் பக்கத்தில் வந்து உட்காரும்.

பத்திக்குள் ஓடும் குறுமேற்கோளில்தான் வழக்கு. மீண்டும் ஒரு மாதிரி: அவர் புதுக்கவிதையை ‘மரபின் எச்சம்’ என்று கருதுவதால் அவருக்குள் ஓர் அச்சம் இருந்தது தெளிவாகிறது.⁷

மூலநூலாசிரியர் தந்தவை இரண்டே சொல். அச்சத்தைக் கண்டுபிடித்தவர் ஆய்வாளர். கடைசியில் நிற்கும் 7 இரண்டுக்கும் மூலநூலாசிரியரையே பொறுப்பாக்குகிறது. எண்ணை ‘மரபின் எச்சம்’⁷ என்று மேற்கோள்குறிக்குப் பின்னேயே நிறுத்தினால் அச்சம் உரியவரிடம் திரும்பும். வாக்கியம் முழுவதும் மூலத்தின் கருத்தானால் மட்டுமே எண் முற்றுப்புள்ளியைத் தாண்டலாம்.

7. முடிவும் மேலாய்வுக் களமும்

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது: அநாதை ‘என்று’, தொலைந்த ‘இல்லை’, அத்துமீறிய 7 ஆகிய மூன்றும் வாலில்தான் பிடிபட்டன. தனிப்பத்தி மேற்கோள்களை வாசகர் படிக்கிறாரா என்பது தனி ஆய்வுக்குரியது. தாண்டிச் செல்பவர் உண்டு என்பதை ஆய்வேடு திருத்துவோர் நன்கறிவர், அவர்களும் தாண்டுபவர்களே. ஆகவே அச்சுக்குத் தருமுன் தனிப்பத்திகளை மட்டும் மறைத்துவிட்டு எஞ்சியதைப் படித்துப் பார்க்கலாம். வாதம் தொடர்ந்தால் கட்டுரை இருக்கிறது. ஒன்றும் எஞ்சாவிட்டால், எல்லைக்கல் நடவேண்டிய அவசியமே இல்லை. நிலம் முழுவதும் பக்கத்து வீட்டுக்காரருடையது.