மணலுக்கும் வயிறு நிரம்பும்

கேள்வி: மன்னார்த் தீவின் தோட்டவெளி மணல் தரைதானே, வடிகால் எதற்கு?

பதில்: மணலுக்குத் தாகம் பெரிது, வயிறு சிறிது. தீவு கடல்மட்டத்தைவிடச் சில மீற்றரே உயரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலேறிவிடும். முற்றத்துக் கிணற்றில் கையாலேயே தண்ணீர் மொள்ள முடிந்தால், மணல் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். இனி விழும் தண்ணீருக்குக் கடல்தான் வழி.

குறுக்கே மேடான வீதி ஒன்றிருந்தால் போதும், ஊர் குளமாகிவிடும். தெற்குக் கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகளுக்காகப் போட்ட பாதைகள் வெள்ளத்தை மறிப்பதாகத் தீவு மக்கள் முறையிடுகிறார்கள். காற்றுக்கு வழி கேட்டவர்கள் தண்ணீருக்கும் வழி விடத்தானே வேண்டும்?

ஆகவே, வீதியை உயர்த்துமுன் மதகு வேண்டும். அதன் அடித்தளம் முற்றத்தைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். மழைக்கு முன்பே கடல்வாயின் மணலையும் வெட்டிவிட வேண்டும்.