ஞாயிற்றுக்கிழமையைப் பறிகொடுப்பது எப்படி? ஏழு எளிய படிகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் 4.50. பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை. நீங்கள் ஸ்டோர் கிராணி. பையைத் தோளில் மாட்டும்போது போன் அதிர்கிறது. சூப்பர்வைசர் அண்ணனின் புலனச் செய்தி: "தம்பி, ஞாயித்துக்கிழம ஸ்டாக் எண்ணணும். வந்துடு."

அந்த ஞாயிறுதான் ஜாசின் பக்கம் உங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோவிலில் தீமிதி. அம்மா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கவலைப்படாதீர்கள். கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்தால் தீமிதிக்குப் போகாமல் தப்பிவிடலாம். பாதிப் படிகள் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம்தான்.

படி 1: பதில் போடாதீர்கள்

செய்தியைத் திறந்து படியுங்கள். நீல டிக் விழட்டும். பிறகு போனைக் கவிழ்த்து வையுங்கள். பதில் சொல்லாவிட்டால் அண்ணன் புரிந்துகொள்வார் என்று நம்புங்கள். அவரும் புரிந்துகொள்வார், தம்பி வருகிறான் என்று.

வெள்ளி 4.55க்கு "முடியாது" என்று வந்தால், வேறு ஆளைத் தேட அவருக்கு ஒன்றரை நாள் இருக்கிறது. சனி இரவு 11 மணிக்கு வந்தால், போனில் கெஞ்ச மட்டுமே நேரம் இருக்கும். ஆகவே சனி இரவு வரை பொறுங்கள். ஒரே வார்த்தைதான், வெள்ளிக்கிழமை சொன்னால் அது தகவல், சனி இரவு சொன்னால் துரோகம்.

படி 2: "பாக்கலாம்ணே" என்று சொல்லுங்கள்

பதில் போட்டே ஆக வேண்டும் என்றால் இதைப் போடுங்கள். உங்கள் அகராதியில் இதற்கு "வரமாட்டேன்" என்று பொருள். அண்ணனின் அகராதியில் "வருகிறேன்". இரண்டு அகராதியும் ஞாயிறு காலை 8 மணிக்குத்தான் சந்திக்கும்.

"முயற்சி பண்றேன்", "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்பவையும் நல்ல பலன் தரும். உங்கள் தாத்தா விடியற்காலை இருட்டில் பெரட்டுக்களத்தில் தண்டலுக்கு முன்னால் நின்றபோது பேர் கூப்பிட்டால் "ஐயா" என்றுதான் சொல்ல முடிந்தது. நீங்கள் படித்து, டவுனுக்கு வந்து, கார் வாங்கி, அந்த "ஐயா"வைப் "பாக்கலாம்ணே" ஆக்கியிருக்கிறீர்கள்.

படி 3: ஒரு காரணம் போதாது, நாலு சொல்லுங்கள்

ஒரே காரணம் சொல்லி நிறுத்துபவன் திமிர்பிடித்தவன். நீங்கள் அடுக்குங்கள். ஒவ்வொரு காரணமும் ஒரு கதவு, ஒவ்வொன்றுக்கும் அண்ணனிடம் சாவி இருக்கிறது என்பதை மறந்துவிடுங்கள்.

"கார் சரியில்லண்ணே."

"நான் வந்து ஏத்திக்கிறேன்."

"அம்மாவைக் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"தீமிதி சாயங்காலம்தானே? ரெண்டு மணிக்கு விட்டுடறேன்."

"பாப்பாவுக்கு லேசா காய்ச்சல்."

"கோவிலுக்கு மட்டும் தூக்கிட்டுப் போவியா?"

பார்த்தீர்களா? மூன்றாவது காரணம் வந்து இரண்டாவதைக் கொன்றுவிட்டது. இனி நீங்கள் ஞாயிறன்று வேலைக்கும் போக வேண்டும், பொய்யன் என்ற பெயரையும் சுமக்க வேண்டும். "ஞாயிறு முழுநாளும் தோட்டத்துக் கோவில்ல இருக்கேன்" என்று ஒரே வரியில் நிறுத்தியிருந்தால் அண்ணன் பிடித்துத் தொங்க ஒன்றுமே இருந்திருக்காது. அந்தத் தவறை மட்டும் செய்துவிடாதீர்கள்.

படி 4: எம்.சி. எடுங்கள்

இது மேல்நிலைப் பயிற்சி. ஓய்வு நாளில் வீட்டில் இருக்க மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை. தேவையில்லாத ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவதில்தான் இதன் அழகு. கிளினிக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்காருங்கள். கிடைத்த தாளைப் படம்பிடித்து அனுப்புங்கள். பிறகு நேராகக் கோவிலுக்குப் போய்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றுங்கள். உங்கள் சித்தி மகள் அதைப் படம் எடுத்து முகநூலில் போடுவாள். அண்ணன் அதற்கு முதல் ஆளாக லைக் போடுவார்.

நியாயமாக உங்களுடையதாக இருந்த ஒரு நாளைத் திருட்டு நாளாக மாற்றிவிட்டீர்கள். இனி உங்களுக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்தாலும் அண்ணன் முதலில் முகநூலைத்தான் பார்ப்பார்.

படி 5: சட்டத்தைத் தெரிந்துகொள்ளாதீர்கள்

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன் 59ஆம் பிரிவு வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு தரச் சொல்கிறது. வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை என்றால், இரண்டாவதே சட்டப்படி ஓய்வு நாள். உங்களுக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை, ஆகவே ஞாயிறு. 60ஆம் பிரிவு, அந்த நாளில் வேலை செய்யும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஷிப்டு மாற்றி ஷிப்டாக நிற்காமல் ஓடும் வேலைகளுக்கு இது பொருந்தாது. கேட்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. அண்ணன் கேட்கலாம், நீங்கள் மறுக்கலாம். அந்த இரண்டாவது பாதியைப் படிக்காமல் தாண்டிவிடுங்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. விபத்து நடந்தால், இயந்திரத்தை அவசரமாகப் பழுது பார்க்க வேண்டியிருந்தால், முன்கூட்டியே அறிய முடியாத தடங்கல் வந்தால் உங்களைக் கூப்பிடலாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது திடீர்னு வந்த வேலையா, முன்னாடியே தெரிஞ்ச வேலையா?" மாதக் கடைசியில் ஸ்டாக் எண்ண வேண்டும் என்பது ஜனவரி முதல் தேதியே தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

தோட்டத்தில் செம்பனை வெட்டும் உங்கள் மாமாவிடம் "பழம் காத்திருக்காது" என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. வெட்டிய குலை சீக்கிரம் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். ஆனால் உங்கள் ஸ்டோரில் இருப்பவை அட்டைப்பெட்டிகள். அவை திங்கட்கிழமை வரை பழுக்காமல் காத்திருக்கும். இதையும் சொல்லாதீர்கள்.

ஒருவேளை சட்டம் தெரிந்துவிட்டால், அதை முதல் வரியிலேயே வீசுங்கள். "60ஆம் பிரிவு தெரியுமா? தொழிலாளர் இலாகாவுக்குப் போவேன்" என்று தொடங்குங்கள். வேண்டுகோளோடு வந்த அண்ணன் சண்டைக்கு நிற்பார். கடைசியாக எடுக்க வேண்டியதை முதலில் எடுத்தால் கையில் வேறு எதுவும் மிஞ்சாது.

படி 6: காசைக் கணக்குப் பார்க்காதீர்கள்

உங்கள் மாதச் சம்பளம் 2,600 ரிங்கிட் என்று வைப்போம். 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 100 ரிங்கிட். வேலை நேரம் ஒரு நாளுக்கு 8 மணி. ஓய்வு நாளில் 4 மணி நேரம் வரை வேலை செய்தால் சம்பளத்துக்கு மேல் 50 ரிங்கிட், அதைத் தாண்டி 8 மணி வரை என்றால் 100 ரிங்கிட், அதற்கும் மேல் போனால் மணிக்கு இரண்டு மடங்கு. 4 மணி நேரம் முடியும் தறுவாயில் அண்ணன் ஏன் திடீரென்று பாசமாகி, "போதும் தம்பி, வீட்டுக்குப் போ" என்கிறார் என்று யோசிக்காதீர்கள்.

நாள் சம்பளக்காரருக்குக் கணக்கு வேறு: அரைநாள் வரை ஒரு நாள் கூலி, அதற்கு மேல் இரண்டு நாள் கூலி. குலைக்கு இவ்வளவு என்று வாங்கும் உங்கள் மாமாவுக்கு ஓய்வு நாளில் இரட்டை விலை. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டிய அலுவலக வேலைக்காரருக்கு இந்தக் கூலி விதி பொருந்தாது. ஆனால் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற விதி 2023 ஜனவரி முதல் அவருக்கும் உண்டு. "மேனேஜர் ஆயிட்டேன், எனக்கு ஏது ஞாயிறு" என்று பெருமூச்சு விடும் உங்கள் மச்சானிடம் இதைச் சொல்லி மனதைக் கெடுக்காதீர்கள்.

படி 7: மாற்று வழி சொல்வதானால் அளவே வைக்காதீர்கள்

குற்ற உணர்ச்சியில் வாயைத் திறங்கள். "இந்த ஞாயிறு மட்டும் விட்டுடுங்கண்ணே, அடுத்த மாசம் எப்ப கூப்பிட்டாலும் வர்றேன்." அருமை. ஒரு ஞாயிறைக் காப்பாற்ற நாலு ஞாயிறை அடகு வைத்துவிட்டீர்கள். கூடவே "வீட்டுலேருந்து போன்ல பாத்துக்கிறேன்" என்று சேர்த்துக்கொண்டால், தீமிதிக் குழி ஓரத்தில் நின்று பெட்டி எண்களை வாசிக்கும் பாக்கியமும் கிடைக்கும்.

எச்சரிக்கை: இந்த அக்காவிடம் பழகாதீர்கள்

உங்கள் பக்கத்து மேசையில், மெர்லிமாவிலிருந்து வரும் பேக்கிங் கிராணி அக்கா ஒருவர் இருக்கிறார். அதே 4.50க்கு அவருக்கும் அதே செய்தி போனது. 4.54க்கு அவர் போட்ட பதில் இது. மனப்பாடம் ஆகிவிடும், கவனமாக இருங்கள்.

"அண்ணே, ஞாயிறு வரமுடியாதுண்ணே. ஞாயித்துக்கிழம முழுக்கக் குடும்பத்துக்குன்னு வச்சிருக்கேன். வேலை தேங்காம இருக்க ரெண்டு வழி: நாளைக்குச் சனி 8லேருந்து 12 வரைக்கும் ஓவர்டைம்ல வந்து ஏ, பி வரிசைய எண்ணித் தர்றேன். இல்லன்னா திங்கள் 6.30க்கே வந்து 9 மணிக்குள்ள முடிச்சிடறேன். எது தோதுன்னு இன்னிக்கு 6 மணிக்குள்ள சொல்லுங்க. அடுத்த மாசம் ஸ்டாக் எண்ற தேதிய இப்பவே சொல்லிட்டா நான் ஏற்பாடு பண்ணிக்கிறேன்."

எவ்வளவு மோசம் பாருங்கள். முதல் வரியிலேயே மறுப்பு. காரணம் ஒன்றே ஒன்று, அதில் புகுந்து வர இடுக்கு இல்லை. சொன்ன இரண்டு வழிக்கும் தொடக்கமும் முடிவும் உண்டு, இரண்டுமே ஞாயிறைத் தொடவில்லை. முடிவெடுக்கும் வேலையை அண்ணன் தலையிலேயே கட்டி, நேரமும் குறித்துவிட்டார். அண்ணன் 5.20க்குப் பதில் போட்டார்: "சனி ஓகே."

ஏ, பி வரிசையை அக்கா சனிக்கிழமை முடித்துக் கொடுத்தார். மிச்சம் சி வரிசை. அதற்குத்தான் பதிலே போடாத ஒரு தம்பி இருக்கிறானே!

ஞாயிறு காலை 11.40. சி வரிசையில் 212ஆவது பெட்டி. போனில் தீமிதிப் பந்தலின் படங்கள் வரத் தொடங்கிவிட்டன. ஒரு படத்தில் அம்மா, பக்கத்தில் ஒரு காலி நாற்காலி, அதில் உங்கள் துண்டு. அதற்குப் பின்னால் தட்டில் பொங்கலோடு யாரோ நிற்கிறார்கள். பெரிதாக்கிப் பாருங்கள்.

சூப்பர்வைசர் அண்ணன்தான். அவருக்கும் அதே தோட்டம்.